மைனஸ் ஒன்றில் ஜாப் அடிக்கலாமா? ஃபிரேம் டேட்டாவும் டைமிங் கணக்கும்

கேள்வி: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல ரியூவை வெச்சு விளையாடுறேன். எதிராளி அடிக்கிறதை பிளாக் பண்ணிட்டு உடனே நான் அடிச்சா சில சமயம் என் அடி படுது, சில சமயம் நானே வாங்கிக்கிறேன். ஃபிரேம் டேட்டா பாருன்னு எல்லாரும் சொல்றாங்க. ஸ்டார்ட்அப், ரெக்கவரின்னு எண்ணெல்லாம் பார்த்தேன். அதை வெச்சு எப்போ அடிக்கணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்:

அட்டவணையில் இருக்கும் எந்த எண்ணும் தனியாக உங்களுக்கு டைமிங் சொல்லாது. ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழித்தால்தான் சொல்லும். அந்தக் கழித்தலை ஒரே ஒரு அடியை வைத்து முழுசாகச் செய்து பார்த்துவிடலாம். ரியூவின் நின்றபடி அடிக்கும் லைட் பஞ்ச், அதாவது ஜாப், இதற்குப் போதும்.

இந்த ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிநொடி. படம் மாறும் வேகம் மட்டும் அல்ல இது; ஆட்டம் அடியை நகர்த்துவதும், அடி பட்டதா என்று சோதிப்பதும் இந்தத் துண்டுக்கு ஒரு முறைதான். அரை ஃபிரேம் முந்திக்கொண்டேன் என்று ஒன்று கிடையாது.

ரியூவின் ஜாப்புக்கு ஸ்டார்ட்அப் 4, ஆக்டிவ் 3, ரெக்கவரி 7 என்று போட்டிருக்கும். இதை அப்படியே கூட்டினால் 14 வரும், ஆனால் அடி மொத்தம் எடுப்பது 13 ஃபிரேம்தான். காரணம், ஸ்டார்ட்அப் 4 என்றால் "நாலாவது ஃபிரேமில் அடி படும்" என்று அர்த்தம். கை நீளும் ஆயத்தம் 1, 2, 3 ஆகிய ஃபிரேம்களில் நடக்கிறது. 4, 5, 6-ல் கை ஆபத்தானது. அந்த மூன்றில் எதில் எதிராளி எட்டினாலும் அடி விழும். 7 முதல் 13 வரை கை திரும்பி வருகிறது. 14-வது ஃபிரேமில் நீங்கள் மறுபடி எதையும் செய்யலாம். சில பழைய அட்டவணைகளும் சில ரசிகர் தளங்களும் ஆயத்த ஃபிரேம்களை மட்டும் எண்ணி இதே ஜாப்புக்கு 3 என்று போடும். இரண்டு இடத்தில் படித்துவிட்டுக் குழம்பினால் முதலில் ஜாப்பைப் பாருங்கள். ஓரிடத்தில் 3, இன்னோரிடத்தில் 4 என்றால் எண்ணும் முறைதான் வேறு, அடி ஒன்றுதான்.

ரெக்கவரியை எல்லாரும் "வேகம் குறைவு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். கபடியில் பாடிப் போனவன் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்புகிற நேரம் மாதிரி அது. அவனைப் பிடிப்பது பெரும்பாலும் அந்தத் திரும்பும் வழியில்தான். அந்த 7 ஃபிரேமில் உங்களால் பிளாக் பண்ண முடியாது, குதிக்க முடியாது, ஒன்றும் முடியாது.

இப்போது அந்த ஜாப்பை எதிராளி பிளாக் பண்ணுகிறார் என்று வையுங்கள். அடி பட்டது 4-வது ஃபிரேமில். பிளாக் பண்ணியவர் 9 ஃபிரேம் பிளாக்ஸ்டனில் உறைந்து நிற்பார்: 4 முதல் 12 வரை. 13-வது ஃபிரேமில் அவர் விடுதலை. நீங்களோ 14-ல்தான் விடுதலை. ஒரு ஃபிரேம் அவர் முந்திவிட்டார். அட்டவணையில் பிளாக் என்ற கட்டத்தில் -1 என்று போட்டிருப்பது இதைத்தான். அதே ஜாப் பிளாக் ஆகாமல் முகத்தில் பட்டால் அவர் உறைந்திருக்கும் நேரம் அதிகம். அவர் 18-ல் எழுவார், நீங்கள் 14-ல் தயார். ஆகவே ஹிட் கட்டத்தில் +4. அடி படும்போது இருவரும் ஒரு கணம் அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கையால் அடிக்கும் அடிகளில் அது இருவருக்கும் ஒரே அளவு என்பதால் கணக்கில் அடிபட்டுப் போகிறது.

ரெக்கவரி 7 என்பதையும் பிளாக்கில் -1 என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ரெக்கவரி நீளமாக இருந்தும் பிளாக்கில் ஆபத்தில்லாத அடிகள் உண்டு, ஏனென்றால் அவை தரும் பிளாக்ஸ்டனும் நீளம். அடி பிளாக் ஆனால் பார்க்க வேண்டியது பிளஸ்-மைனஸ். அடி காற்றில் போனால் பார்க்க வேண்டியது ரெக்கவரி. இந்த இரண்டாவதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கேள்விக்கு வருவோம். எதிராளி ஜாப் அடித்தார், நீங்கள் பிளாக் பண்ணினீர்கள், அவர் -1. அடுத்து இருவரும் ஏதோ அடிக்கிறீர்கள். யாருடையது படும்? எனக்குத் தெரிந்து எல்லாவற்றையும்விட உபயோகமான கணக்கு இது:

```
உண்மையான வேகம் = ஸ்டார்ட்அப் - (பிளஸ் அல்லது மைனஸ்)
```

அவர் -1-ல் இருந்து மறுபடி ஜாப் அடித்தால் அவருடைய உண்மையான வேகம் 4 - (-1), அதாவது 5. நீங்கள் உடனே ஜாப் அடித்தால் உங்களுடையது 4. சிறிய எண் ஜெயிக்கும், உங்கள் ஜாப் படும். இரண்டும் சமமானால் இருவருக்கும் அடி விழும்.

ஆனால் நீங்கள் ஜாப்புக்குப் பதிலாக மீடியம் பஞ்ச் அடித்தீர்கள் என்று வையுங்கள். ரியூவின் நின்ற மீடியம் பஞ்ச்சுக்கு ஸ்டார்ட்அப் 6. இப்போது அவருடைய 5, உங்களுடைய 6. "என் முறை" என்று நினைத்து அடித்த நீங்கள்தான் வாங்குகிறீர்கள். "சில சமயம் படுது, சில சமயம் வாங்கிக்கிறேன்" என்று நீங்கள் எழுதியதற்குப் பாதிக் காரணம் பெரும்பாலும் இதுதான். யாருக்கு முறை என்று பேசுவது வசதியான பேச்சு, அவ்வளவுதான். ஆட்டத்துக்கு முறை தெரியாது. எந்தப் பட்டன் என்று சேர்த்துச் சொன்னால்தான் மைனஸ் ஒன்றுக்கு அர்த்தம்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கும் இதே பதில். மைனஸ் ஒன்றில் நின்று ஜாப் அடிக்கலாம். எதிராளி மீடியம் அடிப்பார் என்று தோன்றினால் அடிக்கலாம், ஜாப் அடிப்பார் என்று தோன்றினால் கூடாது. இந்த ஆட்டத்தில் சாதாரண அடிகளில் வேகமானவை 4 ஃபிரேம். த்ரோ 5 ஃபிரேம். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்தால் பாதி அட்டவணை தேவைப்படாது.

மைனஸ் எவ்வளவு ஆனால் தண்டிக்க முடியும் என்பதும் இதிலிருந்தே வரும். எதிராளி விடுபடுவதற்கு முன் உங்கள் அடி போய்ச் சேர வேண்டும். உங்கள் வேகமான அடி 4 என்றால் அவர் -4 அல்லது அதைவிட மோசமாக இருக்க வேண்டும். -3 என்றால் அவர் பிளாக் பண்ணிவிடுவார். டிரைவ் இம்பாக்டை நடுத்திடலில் பிளாக் பண்ணினால் அது -3. அத்தனை பெரிய அடிக்கு அவர் ஒன்றும் கட்டவில்லையே என்று கோபம் வரும், ஆனால் எண் அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஜாப் ஒரு ஃபிரேம் பிந்திவிடுகிறது. மறுபக்கம் ஷோர்யுகென், எகிறி மேல்நோக்கிக் குத்தும் அடி. அதைப் பிளாக் பண்ணினால் எதிராளி 20 ஃபிரேமுக்கு மேல் மைனஸ். அங்கே போய் ஜாப் அடிப்பது வீண். உங்களிடம் இருப்பதிலேயே கனமான அடியில் தொடங்கும் காம்போவை நிதானமாக அடிக்கலாம். அவசரப்பட்டு, அவர் தரை தொடும் முன்பே பட்டனை அழுத்தி அடியைக் காற்றில் விடுபவர்கள்தான் அதிகம்.

டெக்கன் என்ற இன்னொரு சண்டை ஆட்ட வரிசையில் வேகமான ஜாப் 10 ஃபிரேம். அங்கே -9 பத்திரம், -10 ஆபத்து. அதனால் ஓர் ஆட்டத்தில் -8 என்று பார்த்துவிட்டு "மோசமான அடி" என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த ஆட்டத்தில் வேகமான அடி என்ன என்று முதலில் கேளுங்கள். டெக்கன் 7-ல் இந்த எண்களைத் திரையில் காட்டும் வசதி 2019-ல் தனிக் காசுக்கு விற்கப்பட்டது. ஆட்டத்தின் விதியைத் தெரிந்துகொள்ளக் காசா என்று அப்போது பலருக்கும் எரிச்சல். எனக்கு இன்னும் இருக்கிறது. 2023-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வெளிவந்தபோது ட்ரெய்னிங் மோடிலேயே ஃபிரேம் மீட்டர் இலவசமாக இருந்தது.

அட்டவணையை நம்பி அடித்து ஏமாறும் இடம் ஒன்று உண்டு: தூரம். எதிராளியின் அடி -6 என்றிருக்கும், நீங்கள் 4 ஃபிரேம் ஜாப் அடிப்பீர்கள், கை அவர் மூக்குக்கு முன்னால் நின்றுவிடும். ஒவ்வொரு பிளாக்கும் இருவரையும் தள்ளிவிடுகிறது. காலின் நுனி மட்டும் படும்படி தூரத்தில் நின்று குனிந்த மீடியம் கிக் அடிப்பவர், தான் மைனஸ் என்று தெரிந்துதான் அடிக்கிறார். அங்கே எட்டக்கூடிய உங்கள் அடி எது, அதன் ஸ்டார்ட்அப் என்ன என்று பார்க்க வேண்டும். எட்டுவது 8 ஃபிரேம் அடி மட்டும் என்றால், அந்தத் தூரத்தில் -6 என்பது அவருக்குப் பத்திரமே. உங்கள் 6 ஃபிரேம் அடி எட்டும் அளவுக்கு அவர் நெருங்கி அடித்த நாளில் மட்டும் தண்டனை.

சரி, இப்போது ஆக்டிவ் ஃபிரேமுக்கு வருவோம். பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், எனக்குப் பிடித்தது இதுதான்.

பிளாக்கில் -1, ஹிட்டில் +4 என்று போட்டிருக்கும் எண்கள் அடி முதல் ஆக்டிவ் ஃபிரேமில், அதாவது 4-ல், பட்டால் வருபவை. 4-ல் படாமல் 6-ல் பட்டால்? உங்கள் ஜாப் எப்படியும் 13-ல் முடியும், 14-ல் நீங்கள் தயார். ஆனால் எதிராளியின் 9 ஃபிரேம் உறைவு இப்போது 6-ல்தான் தொடங்குகிறது. 6 முதல் 14 வரை அவர் உறைவு, 15-ல் விடுதலை. அதே ஜாப், ஆனால் பிளாக்கில் -1 இருந்த இடத்தில் இப்போது +1. ஹிட்டில் +4 இருந்த இடத்தில் +6. இந்த +6 எவ்வளவு பெரிது என்று பாருங்கள்: ரியூவின் மீடியம் பஞ்ச் 6 ஃபிரேம், ஆக ஜாப்பிலிருந்து நேராக மீடியம் பஞ்ச் இணைந்துவிடும். +4-ல் இது ஒருபோதும் இணையாது.

இதற்குத்தான் கீழே விழுந்தவர் எழும் நேரத்தில் அடியை அவர் மேல் "ஏற்கனவே இருக்கும்படி" வைப்பது. மீட்டி என்பார்கள். அவர் எழுந்து கண் திறக்கும் முதல் ஃபிரேமில் உங்கள் கடைசி ஆக்டிவ் ஃபிரேம் நிற்க வேண்டும். ஒரு ஃபிரேம் முன்னால் அழுத்தினால் ஜாப் அவர் எழும் முன்பே ஓய்ந்துவிடும். ரெக்கவரியில் நீங்கள், எழுந்து நிற்பவர் அவர். ரொம்பப் பின்னால் அழுத்தினால் அவருக்கு இடைவெளி கிடைக்கும், அதில் அவர் ஜாப் அடிப்பார்.

கண்ணால் பார்த்து இதைச் செய்வது கஷ்டம். அதனால் யாரும் கண்ணால் செய்வதில்லை. நேரத்தை இன்னொரு அடியால் அளந்துகொள்கிறார்கள். ஒரு கணக்கு: எதிராளியை விழவைத்த பிறகு நீங்கள் +22 என்று வையுங்கள். உங்களுக்குக் கை கால் கிடைத்த ஃபிரேமை 1 என்று எண்ணினால், அவர் 23-ல் எழுவார். உங்கள் ஜாப்பின் 6-வது ஃபிரேம் 23-ல் விழ வேண்டும் என்றால் ஜாப் 18-ல் தொடங்க வேண்டும். அதாவது 17 ஃபிரேமைச் செலவழிக்க வேண்டும். மொத்தம் 17 ஃபிரேம் எடுக்கும் ஏதாவது ஓர் அசைவை உங்கள் பாத்திரத்தில் தேடுங்கள். முன் டாஷோ, வெறும் காற்றில் விடும் ஓர் அடியோ, எதுவானாலும் சரி. அதைச் செய்து முடித்த உடனே ஜாப். இந்த ஆட்டம் ஒரு அசைவு முடியும் தறுவாயில் சில ஃபிரேம் முன்னால் அழுத்திய பட்டனை நினைவில் வைத்துக்கொண்டு, முடிந்த முதல் ஃபிரேமில் அதை வெளியிடும். அதனால் உங்கள் விரல் கொஞ்சம் முன்பின் ஆனாலும் ஜாப் சரியாக 18-ல் வரும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ல் இந்தச் சலுகை இல்லை. ஒரு ஃபிரேமில் மட்டும் இணையும் காம்போக்களுக்காக இரண்டு பட்டனை அடுத்தடுத்த ஃபிரேமில் தட்டும் வித்தையே பிறந்தது. அந்தக் காலம் பிடிக்கும் என்பவர்கள் உண்டு. என் விரல்களைக் கேட்டால் இப்போதைய காலமே மேல்.

ஒரு தடை மட்டும். எழுபவர் டிரைவ் கேஜைச் செலவழித்து ஓவர்டிரைவ் ஷோர்யுகென் அடித்தால் உங்கள் மீட்டி எவ்வளவு சரியாக இருந்தாலும் அது உங்களைத் துளைத்துக்கொண்டு போகும், ஏனென்றால் அது முதல் ஃபிரேமிலிருந்தே அடி வாங்காது. ஃபிரேம் கணக்கு அதற்குப் பதில் சொல்லாது. பட்டன் அழுத்தாமல் காத்திருந்து பிளாக் பண்ணுவதுதான் பதில், அப்புறம் அந்த 20 சொச்சம் ஃபிரேம் உங்களுக்கு.

பிளஸ் இருந்தால் என்ன செய்யலாம் என்பதும் இதே கழித்தல்தான். நீங்கள் பிளாக்கில் +2 என்று வையுங்கள். அடுத்து 6 ஃபிரேம் அடி அடித்தால் உண்மையான வேகம் 4. எதிராளி பதறி ஜாப் அடித்தால் அவருடையதும் 4. இருவருக்கும் அடி. 5 ஃபிரேம் அடியாக இருந்தால் உங்களுடையது 3, அவர் ஜாப் வெளிவரும் முன்பே படும். அப்படிப் படுவது கவுண்டர் ஹிட். வழக்கத்தைவிட 2 ஃபிரேம் கூடுதல் பிளஸ் கிடைக்கும். எதிராளி ரெக்கவரியில் இருக்கும்போது பட்டால் பனிஷ் கவுண்டர். 4 ஃபிரேம் கூடுதல். எதிராளி அடிக்கட்டும் என்று வேண்டுமென்றே சின்ன இடைவெளி விட்டு வைக்கும் இந்தப் பொறிக்கு ஃபிரேம் ட்ராப் என்று பெயர். இடைவெளி எவ்வளவு என்று தெரிய உண்மையான வேகத்திலிருந்து ஒன்றைக் கழியுங்கள். 3 என்றால் இடையே 2 ஃபிரேம்தான். 4 ஃபிரேம் ஜாப் அதற்குள் நுழையாது, முதல் ஃபிரேமிலிருந்தே அடி வாங்காத ஓவர்டிரைவ் ஷோர்யுகென் நுழையும். வேகமாக முன்னால் பாயும் டிரைவ் ரஷ்ஷிலிருந்து அடிக்கும் சாதாரண அடிகளுக்கு 4 ஃபிரேம் கூடுதலாகக் கிடைக்கிறது. பிளாக்கில் -1 ஆக இருந்த அடி அப்போது +3. டிரைவ் ரஷ்ஷோடு ஓடிவரும் எதிராளியிடம் வழக்கமான இடத்தில் ஜாப் அடித்து அடி வாங்குகிறீர்கள் என்றால், அடி மாறவில்லை, எண் மாறிவிட்டது. உங்கள் கேள்வியின் மறு பாதிக் காரணம் இது என்று நினைக்கிறேன்.

இனி ரெக்கவரி. அடி பிளாக்கும் ஆகாமல், ஹிட்டும் ஆகாமல், காற்றில் போனால் உறைவு யாருக்கும் இல்லை. உங்கள் முழு ரெக்கவரியும் திறந்து கிடக்கும். இதில் இரண்டு விதமான அடிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜாப் மொத்தம் 13 ஃபிரேம், சுமார் 217 மில்லிநொடி. கண் ஒன்றைப் பார்த்து விரல் அசைய மனிதருக்குச் சாதாரணமாக 200 முதல் 250 மில்லிநொடி ஆகும், அதுவும் என்ன வரும் என்று தெரிந்து காத்திருந்தால். அதாவது ஜாப் காற்றில் போனதை எதிராளி பார்த்து முடிப்பதற்குள் நீங்கள் திரும்பிவிட்டீர்கள். ஊகித்துத்தான் தண்டிக்க முடியும், பார்த்து முடியாது.

கனமான அடி வேறு. ஸ்டார்ட்அப் 10, ஆக்டிவ் 4, ரெக்கவரி 20 என்று ஓர் அடியை வைத்துக்கொள்வோம். மொத்தம் 33, நீங்கள் 34-ல் தயார். எதிராளியிடம் எட்டக்கூடிய 8 ஃபிரேம் அடி இருக்கிறது. அது 33-ல் படவேண்டும் என்றால் அவர் 26-வது ஃபிரேமுக்குள் அழுத்த வேண்டும். உங்கள் கால் அசையத் தொடங்கியதிலிருந்து அவருக்கு 400 மில்லிநொடிக்கும் கொஞ்சம் மேல் கிடைக்கிறது. தாராளம் மாதிரி தெரியும். ஆனால் அடி தொடங்கும் முதல் சில ஃபிரேமில் எந்த அடி என்று பிரித்துப் பார்க்க முடியாது, தோள் அசைவது மட்டும் தெரியும். டிவியும் கன்ட்ரோலரும் தம் பங்குக்குச் சில ஃபிரேமை எடுத்துக்கொள்கின்றன. கடைசியில் மிஞ்சுவது, அந்த ஒரு அடிக்காகவே காத்திருந்தால் மட்டும் பிடிக்கக்கூடிய நேரம். நல்ல ஆட்டக்காரர் "எல்லாவற்றையும் பார்த்துப் பிடிக்கிறார்" என்பது பெரும்பாலும் தோற்றம்தான். அந்தத் தூரத்தில் வரக்கூடிய ஒன்றிரண்டு அடிகளை முன்கூட்டியே எதிர்பார்த்து நிற்கிறார். இன்னொன்று, அடித்த காலும் அடி வாங்கும் இடம்தான். ரெக்கவரியில் நீட்டியபடி இருக்கும் காலையே அடிக்கலாம், உடம்பு வரை எட்டத் தேவையில்லை.

டிரைவ் இம்பாக்டைப் பார்த்தால் ரெக்கவரியின் விலை இன்னும் துல்லியமாகத் தெரியும். அதன் ஸ்டார்ட்அப் 26, அதாவது சுமார் 433 மில்லிநொடி. பார்த்துவிட்டுத் திருப்பி டிரைவ் இம்பாக்ட் அடிக்க நேரம் இருக்கிறது, ட்ரெய்னிங் மோடில் எல்லாராலும் முடிகிறது. ஆட்டத்தில் ஏன் முடிவதில்லை? ஏனென்றால் எதிராளி அதை நீங்கள் சும்மா நிற்கும்போது அடிப்பதில்லை. மேலே சொன்ன 33 ஃபிரேம் அடியை நீங்கள் தொடங்கிய 10-வது ஃபிரேமில் அவர் டிரைவ் இம்பாக்டைத் தொடங்கினார் என்றால் அது 35-ல் உங்களை அடையும். நீங்கள் 34-ல் தயார். 26 ஃபிரேம் அடிக்குப் பதில் சொல்ல உங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஃபிரேம். அவர் 8-வது ஃபிரேமில் தொடங்கியிருந்தால் அது 33-ல் வந்துவிடும், நீங்கள் இன்னும் ரெக்கவரியில். எதிர்வினை எவ்வளவு வேகமானாலும் பயனில்லை, ஏனென்றால் பட்டன் வேலை செய்யாது. ஜாப் அடித்திருந்தால் 14-ல் கை கிடைத்திருக்கும், நிதானமாகத் திருப்பி அடித்திருப்பீர்கள். எதிராளியிடம் டிரைவ் இம்பாக்ட் அடிக்கும் மனநிலை தெரிகிறபோது கனமான அடிகளைக் குறைப்பது இதனால்தான்.

இதையெல்லாம் உங்கள் கையால் சோதிக்க ட்ரெய்னிங் மோடில் ஃபிரேம் மீட்டரைத் திறந்து வையுங்கள். மேலும் கீழும் இரண்டு பட்டைகள் ஓடும், ஒன்று உங்களுக்கு, ஒன்று எதிராளிக்கு. ஆயத்தம் பச்சை, ஆக்டிவ் சிவப்பு, ரெக்கவரி நீலம். ஜாப்பை பிளாக் பண்ணவைத்துவிட்டு இரண்டு பட்டைகளும் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். ஒரு கட்டம் வித்தியாசம் தெரியும். அடுத்து, டம்மியை பிளாக் முடிந்த உடனே ஜாப் அடிக்கும்படி அமைத்துவிடுங்கள். அது முதல் ஃபிரேமிலேயே, தவறாமல் அடிக்கும். அதை எதிர்த்து உங்கள் வழக்கமான இரண்டு அடித் தொடர்களை அடியுங்கள். எந்தத் தொடரில் நீங்கள் அடி வாங்குகிறீர்களோ அதில் இடைவெளி இருக்கிறது. மனிதர்களிடம் அது இதுவரை செல்லுபடியானது அவர்கள் அழுத்தவில்லை என்பதால் மட்டுமே.

தண்டனை பழக வேண்டுமென்றால் தலைகீழாக. உங்களைத் தொல்லை செய்யும் பாத்திரத்தை டம்மியாக எடுத்து, அதன் அடியைப் பதிவு செய்து ஓடவிடுங்கள். பதிவில் ஒரே அடியை வைக்காதீர்கள். அடித்துவிட்டு நிறுத்துவது ஒன்று, அடித்துவிட்டு இன்னொன்று தொடர்வது ஒன்று என்று இரண்டு பதிவு வைத்து மாறி மாறி வரவிடுங்கள். எப்போதும் நிறுத்தும் டம்மியைத் தண்டிக்கப் பழகினால் நிஜ ஆட்டத்தில் இரண்டாவது அடியில் மாட்டிக்கொள்வீர்கள். முழு அட்டவணையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் பாத்திரத்தில் நீங்கள் அடிக்கடி அழுத்தும் நாலு அடிகளின் பிளாக் எண், எட்டக்கூடிய தூரத்துக்குத் தக்க இரண்டு தண்டனைகள், இவ்வளவே இப்போதைக்கு. புது பேட்ச் வரும்போது முதலில் அந்த நாலைச் சரிபாருங்கள், எண்கள் மாறும்.

ஆன்லைனில் ஒரு சங்கதி. இந்த ஆட்டம் ரோல்பேக் முறையில் ஓடுகிறது. எதிராளியின் பட்டன் உங்களிடம் வந்துசேரத் தாமதமானால் ஆட்டம் நிற்காது. வந்த பிறகு பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். திருத்தும்போது வெட்டுப்படுவது அடியின் தொடக்கம். 3 ஃபிரேம் தாமதம் என்றால் அவருடைய டிரைவ் இம்பாக்டின் முதல் 3 ஃபிரேமை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், உங்களுக்கு அது 23 ஃபிரேம் அடி. ஆனால் பிளாக்ஸ்டனும் பிளஸ்-மைனஸும் மாறுவதில்லை. பிளாக் பண்ணிய பிறகு அடிக்கும் கணக்கு நேரில் போலவே ஆன்லைனிலும் நிற்கும், பார்த்துப் பிடிக்கும் வேலைதான் கெடும். இணைப்பு மோசமாக இருக்கும் ஆட்டத்தில் காற்றில் போன அடியைப் பிடிக்கப் பார்க்காமல், பிளாக் பண்ணிவிட்டு -4-க்குக் காத்திருங்கள்.